4 வருஷத்தில் 6 தடவை மட்டும் போன இன்வெர்ட்டர்: ரேக்கில் எத்தனை வைக்கணும்?

ஸ்டோர்ஸ்_ராஜபாளையம்

வணக்கம். ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். 24 ரிங் ஃப்ரேம் ஓடுது, ஒவ்வொன்றிலும் மெயின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு இன்வெர்ட்டர். எல்லாம் ஒரே மாடல், வெளிநாட்டு இறக்குமதி. இண்டென்ட் போட்ட நாளிலிருந்து ரேக்குக்கு வர சுமார் நாலு மாசம். விலை 1.8 லட்சம். கடந்த 4 வருஷத்தில் மொத்தம் 6 போயிருக்கு. அதனால எப்பவும் கையில் ஒன்று வைத்தால் போதும்னு ஒரு வழக்கம்.

போன வருஷம் நடந்ததைச் சொல்றேன். மார்ச் 3 ஒன்று போச்சு. ரேக்கில் இருந்ததை எடுத்துக் கொடுத்துட்டு, அன்றைக்கே இண்டென்ட் போட்டேன். ஏப்ரல் 28 இன்னொரு ஃப்ரேமில் போச்சு. ரேக் காலி. மறுபடி இண்டென்ட் கொண்டு போனேன். "ஏற்கனவே ஒன்று வந்துக்கிட்டுதானே இருக்கு, அது வரட்டும்"னு பர்ச்சேஸில் திருப்பி அனுப்பிட்டாங்க. ஜூலை 6 சரக்கு வந்தது, நேரா ஃப்ரேமுக்குப் போயிடுச்சு. அந்த ஃப்ரேம் 69 நாள் நின்றது. அன்றைக்குத்தான் அடுத்த இண்டென்ட் பாஸ் ஆச்சு. செப்டம்பர் 19 மூன்றாவது போச்சு. சரக்கு வந்தது நவம்பர் 9. அது 51 நாள்.

ஒரே வருஷத்தில் 120 நாள் ஃப்ரேம் நின்றிருக்கு. இப்போ முதலாளி "அஞ்சு வாங்கி வை" என்கிறார். அக்கவுன்ட்ஸ் "ஒன்றுக்கு மேல் கூடாது, பணம் முடங்கும்" என்கிறாங்க. சரியான எண்ணிக்கையை எப்படிக் கணக்குப் போடுவது?

கார்த்தி_ஈஆர்பி

சார், இது சுலபம். வருஷத்துக்கு 1.5, லீட் டைம் மூன்றில் ஒரு பங்கு வருஷம். ஆக, லீட் டைமுக்குள் சராசரித் தேவை 0.5. இவ்வளவு மெதுவா போகும் ஐட்டத்துக்கு நார்மல் கர்வ் எடுக்கக் கூடாது, எப்போன்னு தெரியாமல் அபூர்வமா வரும் தேவைக்கான பாய்சான் எடுக்கணும். சராசரி 0.5-க்கு பாய்சான் டேபிளில் பாருங்க: லீட் டைமுக்குள் ஒன்றுமே போகாமல் இருக்க 61%, ஒன்றோ அதற்குக் குறைவோ போக 91%. அதனால ஒன்று வைத்தால் 91% சர்வீஸ் லெவல். உங்க வழக்கம் சரிதான், போன வருஷம் நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

கார்த்தி தம்பி, பாய்சான் எடுத்தது சரி, 0.5-ம் சரி. டேபிளில் ஒரு வரி தள்ளிப் படிச்சுட்டீங்க.

26 வருஷமா ஸ்பேர்ஸ் பிளானிங்தான் என் வேலை. இந்த இடத்தில் தடுக்கி விழாதவங்களை நான் பார்த்ததே இல்லை, அதனால நிதானமா சொல்றேன். ஒரு இன்வெர்ட்டர் போகும் அந்த நிமிஷம் ரேக்கில் சரக்கு இருக்குமா, இதுதான் கேள்வி. மொத்தம் ஒன்றுதான் நம்ம கணக்கு என்றால், வழியில் வந்துக்கிட்டிருக்கிற ஆர்டர் ஒன்றுகூட இல்லாதபோதுதான் அது ரேக்கில் இருக்கும். வழியில் ஒன்று இருந்தாலே ரேக் காலி. வழியில் ஒன்றுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு 61%. ஆக, ஒன்று வைத்தால் 61% தடவைதான் கையில் கிடைக்கும். இரண்டு வைத்தால் வழியில் ஒன்று இருந்தாலும் ரேக்கில் ஒன்று மிச்சம் இருக்கும், அதுதான் 91%. மூன்று வைத்தால் 98.6%.

எத்தனை வைக்கிறோமோ அதில் ஒன்றைக் கழித்துத்தான் டேபிளைப் பார்க்கணும். எக்செலில் B1-ல் 0.5, B2-ல் வைக்கிற எண்ணிக்கை என்றால்:

```
=POISSON.DIST(B2-1, B1, TRUE)
```

ஆனா ஸ்டோர்ஸ் சார், உங்க விஷயத்தில் எண்ணிக்கைக்கு முன்னாடியே ஒரு ஓட்டை இருக்கு. ஏப்ரல் 28-ல் திருப்பி அனுப்பினாங்களே, அந்த இண்டென்ட்தான் அது. இந்த முறைக்கு உயிரே "ஒன்று போனால் ஒன்று ஆர்டர்" என்பது. வழியில் எத்தனை இருந்தாலும் அதைப் பார்க்கக் கூடாது. ரேக்கில் இருப்பது, வழியில் வருவது இரண்டையும் கூட்டி, சரக்குக்காகக் காத்திருக்கும் ஃப்ரேமைக் கழித்தால் வரும் எண் என்றைக்கும் மாறக் கூடாது. அதைத்தான் பேஸ் ஸ்டாக் என்கிறோம்.

உங்க தேதிகளையே வைத்துப் பாருங்க. ஏப்ரல் 28 இண்டென்டை அன்றைக்கே பாஸ் பண்ணியிருந்தால், ஜூலை 6 வந்தது நின்ற ஃப்ரேமுக்குப் போயிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் வருவது ரேக்குக்கு ஏறியிருக்கும். செப்டம்பர் 19 போனபோது அது கையில் இருந்திருக்கும். அந்த 51 நாள், ஒரு ரூபாய்கூட அதிகமா முடக்காமல், அதே ஒரு பேஸ் ஸ்டாக்கிலேயே தப்பியிருக்கும்.

ஸ்டோர்ஸ்_ராஜபாளையம்

படிச்சதும் பின் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 28-க்கு நேரா என் கையெழுத்திலேயே "பி.ஓ. நிலுவை, இண்டென்ட் ரத்து"ன்னு எழுதியிருக்கு. அதற்குக் கீழே ஜூலை வரை வெறும் கோடு. நான் இதை பர்ச்சேஸ்காரங்க பிடிவாதம்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். வழியில் வந்தது ஏற்கனவே ஒரு ஃப்ரேமுக்குச் சொந்தமாகிவிட்டது, ரேக்குக்கு வரவே வராது என்பது எங்க யாருக்கும் தோணலை.

கார்த்தி_ஈஆர்பி

முத்துவேல் அண்ணே, ஒத்துக்கிறேன், ஆனா முழுசா தப்பு இல்லை. நான் ஒன்று என்றது சிஸ்டத்தில் போடுகிற ரீஆர்டர் லெவல். ரீஆர்டர் லெவல் 1, ஆர்டர் அளவு 1 என்றால், இருப்பு 1-க்கு இறங்கியதுமே ஆர்டர் போகும். அப்போ மேல் எண் 2. அதற்கு 91% சரியாத்தானே வருது?

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

ஆமாம் தம்பி, அந்த அர்த்தத்தில் சரி. ஆனா அவர் கேட்டது மொத்தம் எத்தனை என்று. நீங்க "ஒன்று" என்றால் அவர் ஒன்றுதான் வாங்கி வைப்பார், 61%-தான் கிடைக்கும்.

சிஸ்டத்தில் போடும்போது இரண்டு விஷயம் சோதிக்கணும். ரீஆர்டர் லெவலைத் தொட்டதும் ஆர்டர் போகுதா, அதற்குக் கீழே இறங்கினால்தான் போகுதா? சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் இது வேறுபடும். தவறினால் பேஸ் ஸ்டாக் சத்தமில்லாமல் ஒன்று குறைந்துவிடும். அடுத்தது, ரேக் இருப்பை மட்டும் பார்க்குதா, நிலுவை பி.ஓ.வையும் கூட்டிப் பார்க்குதா? ரேக்கை மட்டும் பார்த்தால், சரக்கு வரும்வரை தினமும் ராத்திரி புதுசா ஒரு பரிந்துரை வந்துக்கிட்டே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பல இடத்தில் "பி.ஓ. நிலுவையில் இருந்தால் ஆர்டர் கூடாது"ன்னு கையால் ஒரு விதி போட்டுடறாங்க. ஸ்டோர்ஸ் சார் மில்லில் நடந்தது அதுவா இருக்கும்னு எனக்குச் சந்தேகம்.

தேன்மொழி_மெடிக்கல்ஸ்

சார், நானும் இதே பிரச்சினையில் இருக்கேன். மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். ஒரு கண் சொட்டு மருந்து வருஷத்துக்கு இரண்டுதான் போகும். போன தடவை மூன்று வாங்கி இரண்டு எக்ஸ்பைரி ஆயிடுச்சு. நீங்க சொல்ற மாதிரி இரண்டு வைக்கணுமா, மூன்று வைக்கணுமா?

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

அம்மா, உங்க கணக்கு வேற. டிஸ்ட்ரிபியூட்டர் மறுநாளே கொண்டு வந்து தர்றார் இல்லையா? ஒரு நாளுக்குள் சராசரித் தேவை 365-ல் 2 பங்கு. ஒன்று வைத்தாலே 99%-க்கு மேல் கையில் இருக்கும். உங்களுக்குக் காலாவதிதான் பயம். 12 மாசம் மிச்சமுள்ள ஒன்றை வாங்கி வைத்தால், அது விற்காமலே காலாவதியாக 13.5% வாய்ப்பு. கூடவே இரண்டாவது ஒன்று இருந்தால், அது விற்காமல் போக 41%. மூன்றாவது போக 68%. ஒன்று வையுங்க, விற்ற அன்றே ஒன்று சொல்லிடுங்க.

இன்னொன்று, மாசாமாசம் 5-ம் தேதி வந்து வாங்கும் சுகர் பேஷன்ட்டுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. பாய்சான் என்பது யார், எப்போ வருவாங்க என்று தெரியாத தேவைக்கு. அவருக்கு 3-ம் தேதி ஒன்று வாங்கி வைத்தால் முடிந்தது.

தேன்மொழி_மெடிக்கல்ஸ்

நன்றி சார். ஆனா எங்க கடையில் இல்லைன்னா வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், எதிர்க்கடைக்குப் போயிடுவார். அது கணக்கில் வரலையே.

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

நல்லாப் பிடிச்சீங்க. மில்லில் ஃப்ரேம் காத்திருக்கும், அதனால பின்னாடி வரும் சரக்கு அதற்குப் போகும். உங்க கடையில் தேவையே போயிடும், வரும் சரக்கு ரேக்குக்கு வரும். அதற்கு வேறு சூத்திரம் உண்டு. உங்க அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடைதான், ஆர்டர் ஒரு நாளில் வந்துடுது. நாலு மாசம் ஆகும் சரக்காக இருந்தால் வித்தியாசம் தெரியும்.

ஸ்டோர்ஸ் சார், சதவீதத்தை விட்டுடுங்க. முதலாளியிடம் சதவீதம் பேசினால் "98 நல்லதுதானே"ன்னு சொல்லி முடிச்சுடுவார். நாளில் பேசுங்க. வருஷத்துக்குச் சராசரியா எத்தனை ஃப்ரேம்-நாள் சரக்குக்காக நிற்கும் என்பதை இப்படி எடுக்கலாம்:

```
=365*(B1*(1-POISSON.DIST(B2-1,B1,TRUE))-B2*(1-POISSON.DIST(B2,B1,TRUE)))
```

ஒன்று வைத்தால் வருஷத்துக்கு 39 நாள், இரண்டு வைத்தால் 6 நாள், மூன்று வைத்தால் முக்கால் நாளுக்கும் கொஞ்சம் குறைவு. இது பல வருஷச் சராசரி. ஒரு வருஷம் ஒன்றுமே நிற்காது, இன்னொரு வருஷம் மொத்தமா நிற்கும்.

ஸ்டோர்ஸ்_ராஜபாளையம்

இது புரியுது. எங்க காஸ்டிங்கில் ஒரு ஃப்ரேம் ஒரு நாள் நின்றால் 9,000 ரூபாய் போகும்னு வச்சிருக்காங்க. இன்வெர்ட்டர் ஒன்றை வருஷம் முழுக்க வைக்க, வட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 20%, அதாவது 36,000. இரண்டாவதை வாங்கினால் 33 நாள் மிச்சம், ஏறக்குறைய 3 லட்சம். இதற்கு அக்கவுன்ட்ஸே ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாவதுக்கு 5 நாள் சொச்சம், 47,000. லாபம்தான், ஆனா ஒட்டி ஒட்டி வருது. நாலாவதும் அஞ்சாவதும் ஒரு நாளைக்கூட மிச்சம் பண்ணாது. அப்போ இரண்டா, மூன்றா?

கார்த்தி_ஈஆர்பி

லீட் டைம் ஏறி இறங்குவதை நீங்க சேர்க்கலையே. ஒரு தடவை 3 மாசம், ஒரு தடவை 6 மாசம்னு வந்தால் அதற்கு சேஃப்டி ஸ்டாக் கூட்டணும். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்யறோம்.

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

வேகமா போகும் ஐட்டத்துக்கு ஆமாம். ஒன்று போனால் ஒன்று என்ற இந்த ஒன்றுக்கொன்று ஆர்டரில் தேவையில்லை, சராசரி லீட் டைம் மட்டும் போதும். கோன்னி பால்ம் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் 1938-ல் டெலிபோன் நெரிசல் கணக்கில் காட்டியது இது. எக்ஸ்சேஞ்சில் ஒரு நேரத்தில் எத்தனை கால் பேசிக்கிட்டிருக்கும் என்பது, ஒவ்வொருத்தரும் சராசரியா எவ்வளவு நேரம் பேசறாங்க என்பதைப் பொறுத்ததுதான். சிலர் நீட்டி முழக்குவதும் சிலர் சட்டென்று வைப்பதும் அந்த எண்ணை மாற்றாது. கால் என்ற இடத்தில் நிலுவை ஆர்டரைப் போட்டுப் பாருங்க.

ஒரு நிபந்தனை இருக்கு. ஒரு ஆர்டர் தாமதமானால் அடுத்ததும் சேர்ந்தே தாமதமாகக் கூடாது. சப்ளையர் மூன்று பி.ஓ.வைச் சேர்த்து ஒரே கப்பலில் அனுப்பினால் இது உடைஞ்சுடும்.

லீட் டைமை சப்ளையர் கொட்டேஷனில் இருந்து எடுக்காதீங்க. இன்வெர்ட்டர் போன நாளிலிருந்து ரேக்கில் ஏறின நாள் வரை எண்ணுங்க. இண்டென்ட் மேஜையில் மூன்று வாரம் தூங்கினால் அந்த மூன்று வாரமும் லீட் டைம்தான்.

மில்_எலக்ட்ரீஷியன்

நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். நானும் ஸ்பின்னிங் மில் ஃபோர்மேன்தான். 4 வருஷத்தில் 6 என்கிறீங்களே, அதில் ஒரே ராத்திரியில் எத்தனை போச்சு? எங்க மில்லில் இடி மழை நாளில் வோல்டேஜ் தூக்கி, ஒரே லைனில் இருந்த இரண்டு மூன்று சேர்ந்தே போயிருக்கு. அதை எப்படித் தனித்தனியா எண்ணுவீங்க?

ஸ்டோர்ஸ்_ராஜபாளையம்

பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன். நீங்க சொன்னது உண்மை. ஆறில் இரண்டு ஒரே தேதி. அதற்கு முந்தின வருஷம் ஒன்று. மீதி மூன்றும் போன வருஷம்.

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

ஃபோர்மேன் சார் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. ஒன்று போனது இன்னொன்று போவதைத் தூண்டக் கூடாது, அப்போதான் பாய்சான் நிற்கும். சேர்ந்து போகும் வழக்கம் இருந்தால், இரண்டு வைத்தும் ஒரே ராத்திரியில் ரேக் காலி. நான் அந்த இரட்டையைத் தேவைக் கணக்கில் போட்டு ஸ்டாக்கை ஏற்ற மாட்டேன். அந்த லைனுக்கு சர்ஜ் புரொடெக்‌ஷனும் லைன் ரியாக்டரும் போட ஆகும் செலவு மூன்றாவது இன்வெர்ட்டரை விடக் குறைவா வரலாம், முதலில் அதைக் கேட்டுப் பாருங்க.

மில்_எலக்ட்ரீஷியன்

அது மட்டும் இல்லை சார். போன வருஷம் மட்டும் மூன்று போயிருக்கு. வயசாயிடுச்சு. கெபாசிட்டர் காயும், கூலிங் ஃபேனில் பஞ்சு அடைக்கும், சூடு ஏறும். இனிமே வருஷத்துக்கு மூன்றுதான்னு வச்சுக்கோங்க.

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

இருக்கலாம், ஆனா அந்த மூன்றே அதற்குச் சாட்சி ஆகாது. வருஷத்துக்கு 1.5 என்ற பழைய வேகமே தொடர்ந்தாலும், ஏதோ ஒரு வருஷத்தில் மூன்றோ மேலோ போக 19% வாய்ப்பு இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை சும்மாவே வரும். கழற்றிய மூன்றையும் திறந்து பார்த்து, மூன்றிலும் கெபாசிட்டர் உப்பியிருந்தால் நீங்க சொல்வதை ஏத்துக்கிறேன்.

ஆனா ஆறே ஆறு சம்பவத்தை வைத்து 1.5-ன்னு அடித்துச் சொல்லவும் முடியாது. நிஜ வேகம் வருஷத்துக்கு 0.65-ல் இருந்து 3 வரை எங்கேயும் இருக்கலாம். 3 என்றால் லீட் டைம் சராசரி 1 ஆகுது. அப்போ இரண்டு வைத்தால் 74%-தான், வருஷத்துக்கு 38 நாள் நிற்கும். மூன்று வைத்தால் 8 நாள் சொச்சம். ஒட்டி வருதுன்னு சொன்னீங்களே, நான் மூன்றுக்குச் சாய்வது இதனாலதான்.

கார்த்தி_ஈஆர்பி

எனக்கு அது ஒத்து வரலை அண்ணே. சந்தேகத்துக்கெல்லாம் ஸ்டாக் ஏற்றினால் எல்லா ஐட்டமும் மூன்றாகும். இரண்டில் ஆரம்பிக்கட்டும், ஒரு வருஷம் பார்த்து ஏற்றலாம். அப்புறம் இந்த ஒன்றுக்கொன்று முறையை ஸ்டோர்ஸில் இருக்கிற எல்லா ஸ்லோ மூவிங்குக்கும் போட்டுடலாமா?

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

வேண்டாம். ஒரு ஆர்டர் போட, ஏற்றி இறக்க 3,000 ஆகுதுன்னு வையுங்க. இன்வெர்ட்டரை ஒரு வருஷம் வைக்க 36,000 ஆகும்போது, சிக்கன ஆர்டர் அளவு அரைதான் வரும். அரை வாங்க முடியாது, அதனால ஒன்று. அதே வேகத்தில் போகும் 200 ரூபாய் சென்சாரை வைக்க வருஷத்துக்கு 40 ரூபாய், சிக்கன அளவு 15. அதை ஒவ்வொன்றா ஆர்டர் போட்டால் பர்ச்சேஸ் ஆளுக்கு வேறு வேலை இருக்காது. மெதுவா போகணும், விலையும் கனமா இருக்கணும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த முறை.

மில்_எலக்ட்ரீஷியன்

ரிப்பேரைப் பற்றி யாரும் பேசலையே. நாங்க கோயம்புத்தூருக்கு அனுப்பி மூன்று வாரத்தில் சரி பண்ணி வாங்கிடுவோம். பத்துக்கு ஆறு பிழைச்சுடும்.

முத்துவேல்_ஸ்பேர்ஸ்

அது பெரிய விஷயம் சார். அமெரிக்க விமானப்படையின் ரிப்பேர் ஸ்பேர்ஸுக்காக 1968-ல் ஷெர்புரூக் போட்ட கணக்கும் இந்த அடித்தளத்தில்தான். பத்தில் ஆறு மூன்று வாரத்தில், மீதி நாலுக்குப் புதுசு நாலு மாசத்தில் என்றால், வழியில் இருக்கும் சராசரி 0.5-ல் இருந்து 0.25-க்கு இறங்கும். ஒன்றே ஒன்று வைத்தாலும் நிற்கும் நாள் 39-ல் இருந்து பத்து, பதினொன்றுக்கு வந்துடும். ஆனா ரிப்பேர் ஆனது ஆறு மாசத்தில் மறுபடி போனால் தேவை ஏறும், கணக்கு கெடும். சீரியல் நம்பர் வைத்துத் தொடரணும்.

வைக்கும் சரக்கிலும் ஒரு எச்சரிக்கை. கரன்ட் கொடுக்காமல் வருஷக்கணக்கில் ரேக்கில் கிடக்கும் இன்வெர்ட்டரில் கெபாசிட்டர் தளர்ந்து போகும். ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்ததை நேரா முழு வோல்டேஜில் போடாமல், தயாரிப்பாளர் மேனுவலில் சொன்னபடி மெதுவா ஏற்றணும். முதலாளி சொல்ற மாதிரி அஞ்சு வைத்தால், கடைசி இரண்டும் பல வருஷம் அப்படியே கிடக்கும்.

ஸ்டோர்ஸ்_ராஜபாளையம்

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு நடந்ததைச் சொல்லிடறேன். நாள் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். இரண்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். மூன்றாவதுக்கு, கழற்றிய மூன்றையும் திறந்து பார்த்துட்டு வான்னார். எலக்ட்ரிகலில் திங்கட்கிழமை திறக்கிறாங்க.

பர்ச்சேஸில் பேசி, இந்த ஐட்டத்துக்கு மட்டும் நிலுவை பி.ஓ.வைக் காட்டி இண்டென்டைத் திருப்பக் கூடாதுன்னு எழுதி வாங்கியாச்சு. பின் கார்டில் மேலே சிவப்பு மையில் "மொத்தம் 2"ன்னு எழுதி, ஒவ்வொரு வரியிலும் ரேக், வழியில், காத்திருக்கும் ஃப்ரேம் என்று மூன்று கட்டம் போட்டிருக்கேன். இன்றைய வரி: ரேக் 1, வழியில் 1, காத்திருப்பு 0.

ரிப்பேருக்கு ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம்னு இருக்கேன். ஃபோர்மேன் சார், சரி பண்ணி வந்தவை எவ்வளவு நாள் தாங்கிச்சுன்னு உங்களிடம் தேதி இருந்தால் போடுங்க.

மில்_எலக்ட்ரீஷியன்

நாலு போர்டுக்கு டைரியில் தேதி இருக்கு சார், ஷிப்ட் முடிஞ்சதும் எடுத்துப் போடறேன். ஒன்று மட்டும் இரண்டே மாசத்தில் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கு.